ஆண்டுகள் கடக்கும் மாண்டேஜ் பாட்டு: கேட்பவர் குழம்பாமல் காலத்தைத் தாண்டுவது எப்படி?

ஊசிமுனை எழுதியது:

நண்பர்கள் எடுக்கும் ஒரு சிறிய படத்துக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையில் ஒரு தையற்காரர் இருக்கிறார். தாய் இல்லாத மகளை அவரே வளர்க்கிறார். 1986இல் அவளுக்கு ஆறு வயது. பாட்டு முடியும்போது 2008 ஆகிவிடுகிறது. அவள் தன் குழந்தையோடு கடை வாசலில் வந்து நிற்கிறாள். இந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் நாலு நிமிடம் பத்து விநாடிக்குள் அடங்க வேண்டும். பாடுவது அப்பாவின் குரல்.

இசையமைப்பாளர் தையல் இயந்திரத்தின் மிதிச் சத்தத்தை வைத்தே மெட்டைப் போட்டு, ‘தான தந்தன தான தந்தன தானா’ என்று தத்தகாரம் அனுப்பியிருந்தார். அதற்கு நான் எழுதிய முதல் வரைவில் இரண்டு வரிகள் இவை:

*ஓடி வந்தவள் பாடி நின்றவள் நீயே*
*ஆண்டு பத்தொரு நாளைப் போலவே போச்சே*

அடுத்த சரணத்தில் ஒரு வரி:

*பள்ளி சென்றொரு பட்டம் வாங்கியே வந்தாய்*

படம் எதையும் காட்டாமல், கதையும் சொல்லாமல், பாட்டை மட்டும் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர், மகள் இறந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். மூன்று பேர், பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் அவள் காற்றாடி வாங்கி வந்தாள் என்று புரிந்துகொண்டார்கள். ஆறாவது நபர் மட்டும் ‘நல்லாயிருக்கு’ என்றார். அவர் என் மைத்துனர். எங்கே தவறு செய்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

மிருதங்கம்72 எழுதியது:

காலம் தாண்டுவதற்கு எளிய வழி உண்டு. முதல் சரணத்தை முதல் காலத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் சரணத்தை இரண்டாம் காலத்துக்குக் கொண்டுபோங்கள். மறுபடி இறங்கி வரும்போது ஒரு தீர்மானம் போட்டால் யாருக்கும் குழப்பம் வராது. பயிற்சி இல்லாத பாடகர் என்றால் எடுப்பு தவறிவிடும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை எழுதியது:

ஐயா, நான் கேட்டது தாளத்தின் காலத்தை அல்ல, ஆண்டுக் கணக்கை. தலைப்பைத் தெளிவாக எழுதாதது என் பிழைதான்.

நட்சத்திரம் எழுதியது:

என்னைக் கேட்டால், சொற்களுக்கு இந்த வேலையே இல்லை. 1997இல் வந்த விக்ரமனின் ‘சூரிய வம்சம்’ படத்தில் ‘நட்சத்திர ஜன்னலில்’ பாட்டு முடிவதற்குள் ஒரு குடும்பம் எங்கிருந்து எங்கே போய்விடுகிறது! அந்தப் பாட்டின் சொற்களில் எங்காவது ஆண்டு சொல்லப்பட்டிருக்கிறதா? படத்தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நம்பிக்கை தரும் நாலு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வெட்டுமேசை எழுதியது:

நட்சத்திரம் சொல்வதில் பாதி சரி. முன்னேற்றப் பாட்டுகளில் சொற்கள் காலத்தில் நகர்வதே இல்லை. அவை ஒரு மன உறுதியைச் சொல்லிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கின்றன, ஆண்டுகளைப் படம் மட்டும் சுமக்கிறது. அங்கே குழப்பம் வராததற்குக் காரணம், பாடலாசிரியர் காலத்தைத் தாண்ட முயலவே இல்லை என்பதுதான். ஊசிமுனையின் பாட்டு அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இங்கே அப்பா மகளிடம் நேரடியாகப் பேசுகிறார். அவள் வளர்வதே பாட்டின் பொருளாக இருக்கிறது. சொல் நின்றுகொண்டு படம் மட்டும் ஓடினால், இருபத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து ஆறு வயதுக்குரிய வரியைப் பாடுவதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எட்டு ஆண்டு உதவிப் படத்தொகுப்பாளராக இருந்தவன் நான். நாலு நிமிடம் பத்து விநாடி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். திரையரங்குக்குப் போகும்போது அது மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். குறைக்கிறபோது பெரும்பாலும் நடுச் சரணத்தில்தான் கை வைப்போம். ஒரு முறை இரண்டாம் சரணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், மூன்றாம் சரணம் ‘அதற்குப் பின்னே’ என்று தொடங்கியது. எதற்குப் பின்னே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு சரணமும் முன்னதன் துணை இல்லாமல் தன் காலத்தைத் தானே சொல்லிக்கொள்ளும்படி எழுதுங்கள். நடுச் சரணத்தை நீக்கிப் பாடிப் பார்ப்பது நல்ல சோதனை.

தத்தகாரம் எழுதியது:

ஊசிமுனை, உங்கள் ஆறு பேரும் தவறாகக் கேட்கவில்லை. நீங்கள் எழுதியிருந்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

முதலில், மகள் இறந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிய இடம். தமிழில் முன்னால் இருப்பவரைப் பார்த்து ‘ஓடி வந்தவள் நீ, பாடி நின்றவள் நீ’ என்று இறந்தகாலத்தில் அடுக்கினால், அது ஒப்பாரியின் நடையாகிவிடுகிறது. சாவு வீட்டில் பெண்கள் அப்படித்தான் எதிரில் கிடப்பவரை விளித்துச் சொல்வார்கள். கேட்பவர் இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. காதே அந்த நடையை அடையாளம் கண்டுகொள்ளும். அதன்பின் ‘போச்சே’ என்று வேறு முடித்திருக்கிறீர்கள். மைத்துனரும் அழுதிருக்க வேண்டியவர்தான்.

இரண்டாவது, காற்றாடி. ‘பட்டம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது சிறிய காரணம். பெரிய காரணம் வினையெச்சம். ‘சென்று, வாங்கி, வந்தாய்’ என்னும்போது எது முன், எது பின் என்ற வரிசை கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு காலம் என்பது கிடைப்பதில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தாள் என்பதற்கும் அதே வாய்பாடுதான். இடைவெளி சொல்லப்படாதபோது நம் மனம் மிகக் குறுகிய இடைவெளியையே எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம், கடை, வீடு என்று எல்லாம் ஒரே மாலைக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு மாலையில் வாங்கக்கூடிய பட்டம் காற்றாடிதான்.

வினையெச்சத்தாலேயே ஒரு முழு வாழ்நாளைத் தாண்டிய பாட்டும் நம்மிடம் உண்டு. பட்டினத்தார் பெயரில் வழங்கும் உடற்கூற்று வண்ணம் ‘ஒருமட மாதும் ஒருவனும் ஆகி’ என்று பெற்றோரின் கூடலில் தொடங்கிச் சுடுகாட்டில் முடிகிறது. நெடுகிலும் ஆகி, பொருந்தி, கலங்கி என்று எச்சங்களே ஓடுகின்றன. கேட்பவர் அதில் எங்கும் தடுமாறுவதில்லை. ஏனென்றால் மழலை, பல் விழுவது, கண் இருள்வது என்று, அந்தந்த வயதில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று ஒவ்வோர் இடத்திலும் நிற்கிறது. வரிசையை வினையெச்சம் பார்த்துக்கொள்கிறது, தூரத்தை அந்தப் பொருள்கள் காட்டுகின்றன. உங்கள் வரியில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தத்தகாரம் ஐயா சொல்வதற்கு உலா இலக்கியம் இன்னும் சிறந்த சான்று ஆகுமே? பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஒரு பெண் வளர்வதை ஏழு படிகளில் காட்டுகிறார்கள். ஊசிமுனை அந்த ஏழையும் சுருக்கி மூன்றாக்கிக்கொண்டால் பாட்டு முடிந்துவிடும்.

தத்தகாரம் எழுதியது:

அங்கே வளர்வது ஒரு பெண் அல்ல. தலைவன் வீதியில் பவனி வரும் ஒரே நாளில், ஏழு வெவ்வேறு பருவத்துப் பெண்கள் அவனைக் காண்கிறார்கள். ஒட்டக்கூத்தரின் மூவருலாவைத் திறந்து பார்த்தாலே தெரியும். அதில் காலம் நகர்வதே கிடையாது. ஆனால் நீங்கள் சொன்னதில் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது: இத்தனை வயது என்று எண்ணைச் சொல்லாமலே, அவள் விளையாடும் பொருளையும் பேசும் பேச்சையும் வைத்துப் பருவத்தை உணர்த்தும் கலை அங்கே நிறைய உண்டு.

ஓரத்தையல் எழுதியது:

நான் தையற்காரரின் மகள். பாட்டு எழுதத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் ஆண்டு கடந்ததை எப்படிக் கணக்கு வைத்தோம் என்று சொல்ல முடியும். அப்பா எனக்குப் பாவாடை தைக்கும்போது கீழ் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார். நான் வளர வளர, ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவார். பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கும். அதனால் பாவாடையின் அடியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். பள்ளியில் தோழிகள் அந்தக் கோடுகளை எண்ணி, எத்தனை ஆண்டுப் பாவாடை என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. இது உங்களுக்குப் பயன்படுமா என்று தெரியவில்லை.

ஊசிமுனை எழுதியது:

பயன்படுமா என்று கேட்கிறீர்களே அக்கா, நேற்று இரவு முழுக்க அதை வைத்துத்தான் பல்லவி எழுதினேன்:

*நேற்று தைத்தது காலைத் தொட்டது கண்ணே*
*இன்று முட்டியில் ஏறி நிற்குது பெண்ணே*

மகள் வளர்ந்தாள் என்று சொல்லவே இல்லை. பாவாடை குட்டையாகிவிட்டது என்று அப்பா குறைபட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். சரணங்களில் இன்னும் சிக்கல் இருக்கிறது. முதல் சரணத்தின் கடைசிச் சொல்லாக ‘பள்ளியில் சேர்ந்தாள்’ என்று வைத்திருந்தேன். வரி முடியும்வரை எந்த வயது என்றே பிடிபடவில்லை என்று இசையமைப்பாளர் சொல்கிறார்.

தத்தகாரம் எழுதியது:

அவர் சொல்வது சரி; அதற்கு நம் மொழியின் அமைப்பே காரணம். தமிழில் வினை கடைசியில் வருகிறது, காலம் காட்டும் உறுப்பு அந்த வினைக்குள் ஒளிந்திருக்கிறது. பேச்சில் அது தடையில்லை, ஒரு நொடியில் வாக்கியம் முடிந்துவிடும். மெட்டிலோ ஒரு வரியைப் பாடி முடிக்கவே ஏழெட்டு விநாடி ஆகும். அதுவரை கேட்பவர் போன சரணத்தின் வயதிலேயே நின்றுகொண்டிருப்பார். இடையிசை முடிந்து குரல் நுழையும் முதல் சீரிலேயே, புதிய வயதில் மட்டும் இருக்கக்கூடிய ஒரு பெயர்ச்சொல்லை வைத்துவிடுங்கள். வினை பின்னால் நிதானமாக வரட்டும். தாண்டலைச் செய்வது இடையிசை; தாண்டி எங்கே கால் ஊன்றினோம் என்று சொல்வது மட்டுமே அந்தச் சொல்லின் வேலை.

எண்ணை வைக்காதீர்கள். ‘பத்தாண்டு’ என்றால் கேட்பவர் எதிலிருந்து பத்து என்று கணக்குப் போடத் தொடங்குவார். போட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி போய்விடும்.

ஊசிமுனை எழுதியது:

மூன்று சரணத்தையும் அப்படியே திருப்பி எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலிருந்தும் முதல் இரண்டு வரிகளை இங்கே இடுகிறேன்.

*பல்பம் தின்கிற வாயில் எண்களும் பாட்டும்*
*பட்டன் வைத்தொரு கூட்டல் கற்கிற ஆட்டம்*

*தாவணிக்கொரு ஓரம் தைக்கையில் கண்ணில்*
*தண்ணி வந்தது தூசி என்றது பொய்தான்*

*தாத்தா என்றொரு வார்த்தை வாசலில் கேட்டு*
*மீண்டும் டேப்பினைத் தேடும் கைகளில் ஆட்டம்*

முன்பு கேட்டவர்களை விட்டுவிட்டு, புதிதாக ஐந்து பேருக்குக் குரலை மட்டும் போட்டுக் காட்டினேன். எத்தனை பேர் பாட்டில் வருகிறார்கள், ஏறக்குறைய எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று இரண்டே கேள்விகள் கேட்டேன். நாலு பேர் அப்பா, மகள், பேரக்குழந்தை என்று மூவரையும் சொன்னார்கள். ஆண்டுக் கணக்கும் இருபதுக்கு அருகே வந்துவிட்டது. ஐந்தாமவர், சிலேட்டில் எழுதும் பல்பம் என்றால் என்னவென்று கேட்டார். அவருக்குப் பத்தொன்பது வயது.

பழைய வானொலி எழுதியது:

‘ஆட்டம்’ முதல் சரணத்தில் குழந்தையின் விளையாட்டாகவும் கடைசியில் கிழவரின் கை நடுக்கமாகவும் வருகிறது. தெரிந்து செய்தீர்களா, தானாக அமைந்ததா?

ஊசிமுனை எழுதியது:

தானாக அமைந்தது என்று சொல்ல ஆசைதான். சந்தத்துக்கு வேறு சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டபோது கண்ணில் பட்டது, விட்டுவிட மனமில்லை.

வெட்டுமேசை எழுதியது:

நடுச் சரணத்தை நீக்கிப் பாடிப் பார்த்தேன். பல்பத்திலிருந்து நேரே தாத்தாவுக்குப் போனாலும் புரிகிறது. ஒரே சொல்லில் ஒரு தலைமுறை கடந்துவிடுகிறது, உறவுப் பெயருக்கு அந்த வலிமை உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை: தாத்தா என்ற சொல் ஒலிக்கும்போது திரையில் பேரக்குழந்தையின் முகம் வந்துவிடக் கூடாது. படமும் சொல்லும் ஒரே செய்தியை ஒரே கணத்தில் சொன்னால், விளம்பரப் படம்போல் இருக்கும். அந்தக் கணத்தில் பழைய தையல் இயந்திரத்தை மட்டும் காட்டி, வரி முடிந்தபின் வாசலைக் காட்டச் சொல்லுங்கள். தாவணியில் இதை மாற்றிச் செய்யலாம்: துணி முதலில் வரட்டும், சொல் பின்னால் வரட்டும்.

ஓரத்தையல் எழுதியது:

தம்பி, வருத்தப்படாதீர்கள், பல்லவியில் ஒரு பிழை இருக்கிறது. காலைத் தொட்ட பாவாடை முட்டிவரை ஏற வேண்டுமானால், அவள் நாலைந்து ஆண்டு அதையே போட்டிருக்க வேண்டும். அதுவரை எந்தத் தையற்காரரும் மடிப்பைப் பிரிக்காமல் இருக்க மாட்டார். பிரிக்க மடிப்பு தீர்ந்தால் கீழே வேறு துணியை ஒட்டுப்போடுவார். ஊரார் துணியெல்லாம் அளவாகத் தைப்பவர், தன் மகளை முட்டி தெரிய அனுப்புவாரா? கெண்டைக்கால் என்றால் ஒப்புக்கொள்வேன்.

ஊசிமுனை எழுதியது:

‘இன்று கெண்டையில் ஏறி நிற்குது பெண்ணே’ என்றாலும் சந்தம் தட்டவில்லை. ஆனால் கெண்டை என்றவுடன் மீன் நினைவுக்கு வராதா? ஒரு காற்றாடியிலிருந்து இப்போதுதான் தப்பி வந்திருக்கிறேன்.

ஓரத்தையல் எழுதியது:

எங்கள் பக்கத்தில் கெண்டை வலிக்கிறது என்றால் யாரும் மீனைத் தேடுவதில்லை.

பழைய வானொலி எழுதியது:

எனக்கு உறுத்துவது ‘நேற்று’தான். படம் பார்க்கிறவருக்குச் சரி. வானொலியில் கேட்பவர் அதை உண்மையான நேற்று என்று எடுத்துக்கொண்டால், ஒரே இரவில் பாவாடை குட்டையாகிப் போன மாயக்கதை ஆகிவிடாதா?

தத்தகாரம் எழுதியது:

ஆகாது. ‘நேற்றுதான் தொட்டிலில் கிடந்தாள், இன்றைக்குக் கல்யாணம்’ என்று பேசாத அப்பா இந்த ஊரில் இல்லை. நடக்கவே முடியாத ஒன்று பக்கத்தில் நிற்பதால்தான், நேற்று என்பது நேற்று இல்லை என்று கேட்பவருக்குப் புரிகிறது. பாவாடைக்குப் பதில் ஒரே நாளில் நடக்கக்கூடிய எதையாவது வைத்திருந்தால், நீங்கள் சொல்லும் குழப்பம் வந்திருக்கும். முட்டியா கெண்டையா என்பதில் நான் முட்டியின் பக்கம் நிற்பதற்கும் இதுவே காரணம்: மிகையாக இருந்தால்தான் மிகை என்று தெரியும்.

ஆனால் எனக்கு வேறொரு ஐயம் இருக்கிறது. மூன்றாம் சரணத்துக்குப்பின் பல்லவி திரும்ப வரும்போது ‘கண்ணே’ யார்? மகளா, பேத்தியா? முன்னிலையில் பேசும் பாட்டில் ஆள் மாறினால் அதைச் சொல்லியாக வேண்டும். வினையில் ‘நீ’ என்பதற்குரிய விகுதி மட்டும்தான் உண்டு, எந்த நீ என்பதற்கு விகுதி கிடையாது.

நட்சத்திரம் எழுதியது:

பேத்தியின் பெயரை வைத்துவிடலாமே? ‘கண்ணே’ என்ற இடத்தில் மூன்று எழுத்துப் பெயர் உட்காரும்.

தத்தகாரம் எழுதியது:

உட்காரும். ஆனால் திரையில் அதுவரை பெயரே சொல்லப்படாத குழந்தை என்றால், கேட்பவர் யார் இது என்று திரும்பிப் பார்ப்பார்.

ஊசிமுனை எழுதியது:

இயக்குநரிடம் பேசினேன். கடைசிப் பல்லவியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்கிறார். அப்பா டேப்பைப் பேத்தியின் இடுப்பில் வைத்து அளக்கிறார், பார்வையோ மகள்மேல் இருக்கிறது. கண்ணே என்பது இருவரில் யார் என்று தெரியாமல் இருப்பதே வேண்டும் என்கிறார். முதல் முறை பாடும்போது நாலு ஆண்டாக இருந்த நேற்று, அங்கே இருபத்திரண்டு ஆண்டாகிவிடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் தத்தகாரம் ஐயாவின் கேள்விக்கு அது விடையா, நழுவலா என்று தெளிவாகவில்லை. குரல் மட்டும் கேட்ட ஐந்து பேரில் மூவர் பேத்தி என்றார்கள், இருவர் மகள் என்றார்கள்.

தத்தகாரம் எழுதியது:

நழுவல்தான் என்பேன். ஆனாலும் படத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன். கேட்பவருக்கு ஆள் குழம்பினாலும் ஆண்டு குழம்பவில்லை என்பது உண்மை.

வெட்டுமேசை எழுதியது:

இசையமைப்பாளரிடம் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பல்லவியில் மிதிச் சத்தம் முன்பு போலவே வேகமாக ஓட வேண்டுமா, தடுக்கித் தடுக்கி ஓட வேண்டுமா? கிழவரின் கால் அல்லவா மிதிக்கிறது. வேகத்தைக் குறைப்பதானால் பாடகர் பாடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒலிப்பதிவு முடிந்தபின் என்னிடம் வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

மிருதங்கம்72 எழுதியது:

காலத்தை மாற்றச் சொல்லி இதைத்தானே முதலில் நானும் சொன்னேன்?